25, 30, 60 ஃபிரேம் கிளிப்கள் ஒரே டைம்லைனில்: கேமரா திரும்பும் இடமெல்லாம் திக்குகிறது

தறிநூல்

வணக்கம். ஒரு நடனக் குழுவைப் பற்றிய 12 நிமிடப் படத்தை ரிசால்வில் எடிட் செய்துகொண்டிருக்கிறேன். மூன்று விதமான கிளிப்கள் இருக்கின்றன. பேட்டிகள் மிரர்லெஸ் கேமராவில், ட்ரைபாட் போட்டு 25 ஃபிரேமில் எடுத்தவை. ஒத்திகையும் மேடை நிகழ்ச்சியும் ஃபோனில் 30-இல் எடுத்தவை, பாட்டும் அந்த ஃபோனிலேயே பதிவானது. கலைஞர்கள் நடந்து வரும் காட்சிகள் ஆக்‌ஷன் கேமராவில் 60-இல் எடுத்தவை, அதன் சத்தம் எனக்குத் தேவையில்லை.

பேட்டியை முதலில் போட்டதால் டைம்லைன் 25 என்று அமைந்துவிட்டது. எக்ஸ்போர்ட் செய்து பார்த்தால் பேட்டி நன்றாக ஓடுகிறது. ஃபோன் கிளிப்பில் கேமரா இடமிருந்து வலமாகத் திரும்பும்போது மட்டும் படம் சீராகப் போகாமல் திக்கித் திக்கிப் போகிறது. நொடிக்கு நாலைந்து தடவை யாரோ தட்டிவிடுவது போல இருக்கிறது. ஆக்‌ஷன் கேமரா கிளிப்பில் அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் ஏதோ உறுத்துகிறது. படம் இணையத்துக்கு மட்டும்தான், டிவிக்குப் போகாது. என்ன செய்யலாம்?

மழைத்துளி

எனக்கும் இதே பிரச்சினை வந்தது. 4கே ஃபைலை நேரடியாகப் போட்டால் மெஷின் தாங்காமல் இப்படித்தான் விட்டு விட்டு ஓடும். ப்ராக்ஸி உருவாக்கி எடிட் பண்ணிப் பாருங்க, சரியாகிவிடும்.

தறிநூல்

ப்ராக்ஸி ஏற்கெனவே போட்டிருக்கிறேன். திக்கல் எக்ஸ்போர்ட் ஆன ஃபைலிலும் இருக்கிறது. வேறு லேப்டாப்பிலும் ஃபோனிலும் போட்டுப் பார்த்தேன், அதே இடத்தில் அதே மாதிரி திக்குகிறது.

வேகன்

அப்போ மெஷின் காரணம் இல்லை. டைம்லைன் 25, கிளிப் 30. நொடிக்கு 5 ஃபிரேமைத் தூக்கி எறிகிறது, அதுதான் தட்டுது. `Project Settings`-இல் `Retime Process` என்பதை `Nearest`-இலிருந்து `Optical Flow`-க்கு மாத்துங்க. எல்லா கிளிப்புக்கும் ஒரே அடியில் வேலை முடிஞ்சது. நான் எப்பவும் அப்படித்தான் செய்றேன்.

பழைய மேசை

வேகன் சொன்ன காரணம் சரி. தீர்வை மட்டும் இந்தப் படத்துக்கு அப்படியே போட வேண்டாம் என்பேன். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

தறிநூல், முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. எக்ஸ்போர்ட் ஆன ஃபைலை எம்பிவி பிளேயரில் திறந்து, கேமரா திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள். `.` விசையை ஒவ்வொரு தடவையாக அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். மேடைத் தூண் மாதிரி செங்குத்தான விளிம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அழுத்தலுக்கும் அது எவ்வளவு தள்ளிப் போகிறது என்று பாருங்கள். நாலு தடவை ஒரே அளவு போகும், ஒரு தடவை இரண்டு மடங்கு தாவும், மறுபடி நாலு தடவை ஒரே அளவு போகும். 30-ஐ 25 ஆக்கும்போது ஆறில் ஒரு ஃபிரேம் விழுகிறது, அந்த ஓட்டையைத்தான் கண் தட்டலாக உணர்கிறது.

ஆக்‌ஷன் கேமரா ஏன் குறைவாக உறுத்துகிறது என்பதும் இதே கணக்குதான். 60-லிருந்து 25 எடுக்கும்போது இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று தாவுகிறது. அங்கேயும் அடி சமமாக இல்லை. ஆனால் சின்ன அடிக்கும் பெரிய அடிக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மடங்குதான், ஃபோன் கிளிப்பில் இரண்டு மடங்கு.

இதையெல்லாம் கண்ணால் ஓட்டிப் பார்த்து மட்டும் தீர்மானிக்காதீர்கள். பெரும்பாலான மானிட்டர் நொடிக்கு 60 தடவை புதுப்பிப்பது. அதில் சுத்தமான 25 ஃபிரேம் ஃபைலை ஓட்டினாலும் சில ஃபிரேம்கள் இரண்டு தடவையும் சில மூன்று தடவையும் காட்டப்படும், லேசான உதறல் தெரியத்தான் செய்யும். அது ஃபைலில் உள்ள குறை இல்லை. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தும்போதும் அடி சமமில்லாமல் இருந்தால்தான் ஃபைலில் குறை.

இப்போது தீர்வு. `Nearest`, `Frame Blend`, `Optical Flow` மூன்றில் எதைப் போடுவது என்ற கேள்வியை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். அதற்கு முன் ஒவ்வொரு கிளிப்பையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இதன் நேரத்தைத் தொடலாமா? உதட்டசைவோ தாளமோ இருந்தால் தொடக் கூடாது. சத்தம் வேண்டாத கிளிப் என்றால் தொடலாம். தொடலாம் என்றால் எந்த ஃபிரேமும் விழாமல், எதுவும் இரட்டிக்காமல், கொஞ்சம் வேகத்தை மாற்றியே டைம்லைனுக்குப் பொருத்திவிடலாம். தொடக் கூடாத கிளிப்களுக்குள் எது அதிகம் நகர்கிறதோ, டைம்லைன் அதன் ஃபிரேம் ரேட்டில் இருக்க வேண்டும்.

உங்கள் படத்தில் தொடக் கூடாதவை பேட்டியும் நடனமும். நகர்வது நடனம்தான். டைம்லைனோ பேட்டிக்குப் பொருந்தி நிற்கிறது. அதுதான் சிக்கல்.

வேகன்

ஆனா ஆப்டிகல் ஃப்ளோ போட்டா 25-லயே நடனமும் சரியாகுமே? விழுற 5 ஃபிரேமைத்தானே சமாளிக்கணும்?

பழைய மேசை

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நொடிக்கு 5 ஃபிரேம் விஷயம் என்றால் நானும் கவலைப்பட மாட்டேன்.

30 ஃபிரேம் கிளிப்பை 25 டைம்லைனில் வைத்து, ஒவ்வொரு டைம்லைன் ஃபிரேமும் எந்த நொடியில் நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள். 0 நொடியில் இரண்டும் பொருந்தும். அடுத்த டைம்லைன் ஃபிரேம் 0.04 நொடியில். கிளிப்பில் இருப்பதோ 0.033, 0.067. இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் புதிதாக உருவாக்க வேண்டும். அதற்கடுத்தது 0.08, அதுவும் நடுவில்தான். இப்படியே போய் 0.2 நொடியில்தான் மறுபடி பொருந்தும். ஆக நொடிக்கு 5 ஃபிரேம் மட்டுமே அசல், மீதி 20 மென்பொருள் கணித்து வரைந்தவை. ஐந்தில் நான்கு பங்கு வரைபடம்!

நடனத்தில் கை முகத்தைக் கடக்கும், ஒருவர் இன்னொருவருக்குப் பின்னால் மறைவார், விரல்கள் வேகத்தில் மங்கியிருக்கும். மறைந்திருந்த இடத்தில் என்ன இருந்தது என்று மென்பொருளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பதை இழுத்து நிரப்பும். விரலோடு சேர்ந்து பின்திரையும் ஜவ்வு மாதிரி இழுபடும். நடனக் கலைஞர் முத்திரை பிடிக்கும் விரல்களை அப்படிக் கெடுப்பதை என்னால் ஏற்க முடியாது. அவர்கள் பார்த்தால் முதலில் அதைத்தான் கவனிப்பார்கள்.

`Frame Blend` இன்னும் மோசம். 0.2 நொடிக்கு ஒரு ஃபிரேம் கூர்மையாகவும் நடுவில் நாலு ஃபிரேம் இரண்டு உருவம் கலந்தும் வரும். தட்டலுக்குப் பதில் படம் கூர்ந்து மங்கிக் கூர்ந்து மங்கித் துடிக்கும்.

இரவு ரெண்டர்

நான் வேற மாதிரி சொல்றேன். டைம்லைனை 60 ஆக்கிடுங்க. 30 ஃபிரேம் கிளிப் ஒவ்வொண்ணும் இரண்டு தடவை வரும், அடி சமம். 60 அப்படியே வரும். 25 கிளிப் மட்டும் இரண்டு மூணுன்னு மாறி மாறி வரும். ஆனா பழைய மேசை அண்ணன் சொன்ன மாதிரி 60 மானிட்டர்ல அது எப்படியும் அப்படித்தான் தெரியுது. அப்போ எதையும் வரையவே வேண்டாம், எல்லாம் `Nearest`. எளிமை.

பழைய மேசை

இதில் சரக்கு இருக்கிறது, தள்ளிவிட மாட்டேன். பேட்டிக்கு அது போதும். எனக்கு இரண்டு தயக்கம். நடந்து வரும் காட்சிகள் 60-இல் மிக வழவழப்பாகத் தெரியும், அடுத்த ஷாட்டில் நடனம் 30-இல் வரும். வெட்டு விழும் இடத்தில் அசைவின் தன்மையே மாறிவிடும். இரண்டாவது, சில தளங்கள் 60 ஃபிரேம் வீடியோவைக் குறைந்த தரத்தில் காட்டும்போது 30 ஆக்கிவிடுகின்றன. மெதுவான இணைப்பில் பார்ப்பவருக்கு உங்கள் பேட்டியில் நொடிக்கு 5 தடவை இரட்டித்த ஃபிரேம்தான் போய்ச் சேரும். அதை நீங்கள் பார்த்துச் சரி செய்யவும் முடியாது.

இரவு ரெண்டர்

வழவழப்பு மாறுறது எனக்குக் குறையாத் தெரியலை. நடக்கும் காட்சி ஒரு உலகம், மேடை ஒரு உலகம். இரண்டாவது விஷயம் ஒத்துக்கறேன்.

பழைய மேசை

ரசனை என்ற அளவில் அதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். தறிநூல், டைம்லைனைத் தொடுமுன் ஃபோன் கிளிப் உண்மையிலேயே 30 தானா என்று பார்த்துவிடுங்கள். ஃபோன்கள் வெளிச்சத்தைப் பொறுத்து ஃபிரேம் ரேட்டை நடுவில் மாற்றிக்கொள்ளும். இதை ஓட்டி, வருவதை இங்கே போடுங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate,duration,nb_frames -of default=nw=1 phone.mp4
```

தறிநூல்

மேடை நிகழ்ச்சியின் முதல் கிளிப்புக்கு இப்படி வருகிறது:

```
r_frame_rate=30/1
avg_frame_rate=13705/462
duration=92.400000
nb_frames=2741
```

13705-ஐ 462-ஆல் வகுத்தால் 29.66 வருகிறது. இது 29.97-உம் இல்லையே?

பழைய மேசை

இல்லை. 92.4 நொடிக்கு 30 வீதம் 2772 ஃபிரேம் இருக்க வேண்டும். 2741 தான் இருக்கிறது, 31 குறைகிறது. கிளிப் முழுக்கப் பரவலாகக் குறைகிறதா, ஒரே இடத்திலா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries packet=duration_time -of csv=p=0 phone.mp4 | sort | uniq -c
```

தறிநூல்

```
2617 0.033333
 124 0.041667
```

பழைய மேசை

அருமை, தெளிவாக வந்துவிட்டது. 0.041667 என்பது நொடிக்கு 24. கிளிப்பில் 124 ஃபிரேம், அதாவது ஐந்து நொடிக்குச் சற்று மேல், 24-இல் ஓடியிருக்கிறது. மீதி எல்லாம் அச்சு அசலாக 30. மேடை விளக்கு மங்கிய இடம் ஏதாவது உண்டா?

தறிநூல்

ஆமாம்! 41-ஆவது நொடியில் எல்லா விளக்கும் அணைந்து ஒரே ஒரு நீல விளக்கு எரியும். 46-இல் மறுபடி வெளிச்சம் வரும். அந்த இடத்தில் திக்கல் வேறு மாதிரி இருக்கும், நான் கேமராவை ஆட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய மேசை

உங்கள் கை காரணமில்லை. இனி வேலைத் திட்டம் இது.

ரிசால்வில் கிளிப்கள் உள்ளே வந்த டைம்லைனின் ஃபிரேம் ரேட்டை மாற்ற முடியாது. புதிய டைம்லைன் ஒன்று உருவாக்குங்கள். அந்தப் பெட்டியில் `Use Project Settings` என்பதன் டிக்கை எடுத்துவிட்டு 30 என்று வையுங்கள். 29.97 அல்ல, 30. உங்கள் ஃபோன் 30/1 என்று சொல்கிறது. 29.97-இல் வைத்தால் அரை நிமிடத்துக்கு ஒரு ஃபிரேம் விழும். பழைய எடிட்டை நகலெடுத்து இதில் ஒட்டலாம், ஆனால் வெட்டுகள் ஓரிரு ஃபிரேம் தள்ளிப்போகும். ஒவ்வொரு வெட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஃபோன் கிளிப்பைச் சீரான 30 ஆக்கிய பிறகே உள்ளே கொண்டுவாருங்கள்:

```
ffmpeg -i phone.mp4 -vf fps=30 -c:v prores_ks -profile:v 2 -c:a pcm_s16le phone_30.mov
```

30-இல் ஓடிய பகுதி ஃபிரேமுக்கு ஃபிரேம் அப்படியே வரும். நீல விளக்குப் பகுதியில் மட்டும் நாலு ஃபிரேமுக்கு ஒன்று இரட்டிக்கும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆக்‌ஷன் கேமரா பெரும்பாலும் 59.94 ஆக இருக்கும். சத்தம் வேண்டாம் என்றீர்கள், அதனால் நேரத்தைத் தொடலாம். கிளிப்பின் `Clip Attributes`-இல் `Video Frame Rate` என்பதை 60 ஆக்குங்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் கூடும், யாருக்கும் தெரியாது. பிறகு 30 டைம்லைனில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஃபிரேம் எடுக்கப்படும், எல்லா அடியும் சமம். அங்கேயே 30 என்று வைத்தால் பாதி வேகத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் வரும், மெதுவாக நடக்கும் ஷாட் வேண்டுமென்றால் அதுதான் சுத்தமான வழி. இந்த மாற்றத்தை வெட்டுவதற்கு முன் செய்யுங்கள். பிறகு செய்தால் வெட்டிய இடங்கள் இடம்மாறும்.

பேட்டி 25. இதற்கு மட்டும் ஆப்டிகல் ஃப்ளோ. வேகன் சொன்னது இங்கே சரியாக உட்காரும். ட்ரைபாட், அசையாத பின்னணி, தலையும் உதடும் கொஞ்சம் அசைகின்றன. மென்பொருளுக்கு எளிதான வேலை. டைம்லைனில் அந்தக் கிளிப்பைத் தேர்ந்து `Retime and Scaling` பகுதியில் அதற்கு மட்டும் `Optical Flow` கொடுங்கள். மொத்தப் படத்துக்கும் `Nearest` இருக்கட்டும்.

கல்வெட்டு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், என் கதையும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு வாடிக்கையாளர் கொடுத்த ஃபைல் 30 என்று காட்டுகிறது. என் டைம்லைனும் 30. எதையும் மாற்றவில்லை, ஆனாலும் திக்குகிறது. ஆப்டிகல் ஃப்ளோ போட்டாலும் ஒரு மாற்றமும் இல்லை. ஏன்?

பழைய மேசை

ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஐந்தாவது ஒவ்வொன்றும் அசையாமல் நிற்கிறதா?

கல்வெட்டு

ஆமாம், நாலு நகர்கிறது, ஐந்தாவது அப்படியே நிற்கிறது. தொடர்ந்து அதே தாளம்.

பழைய மேசை

அந்தப் படம் 24-இல் எடுக்கப்பட்டது. முன்னால் யாரோ 30 டைம்லைனில் போட்டு எக்ஸ்போர்ட் செய்திருக்கிறார்கள். இரட்டித்த ஃபிரேம் ஃபைலுக்குள்ளேயே பதிந்துவிட்டது. ஃபைலும் 30, டைம்லைனும் 30 என்பதால் ஆப்டிகல் ஃப்ளோவுக்கு அங்கே வேலையே இல்லை. வேறு டைம்லைனில் போட்டாலும் இரட்டித்த ஃபிரேமைப் பார்த்து "இங்கே அசைவு நின்றது" என்றுதான் அது புரிந்துகொள்ளும், நிற்பதையும் சேர்த்தே வரையும். முதலில் இரட்டையைக் களைய வேண்டும்:

```
ffmpeg -i client.mp4 -vf decimate -c:v prores_ks -profile:v 2 -c:a pcm_s16le client_24.mov
```

இந்த ஃபில்டர் ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று வீதம், முந்தைய ஃபிரேமோடு அதிகம் ஒத்திருப்பதை நீக்கும், 30 என்பது 24 ஆகும். ஆறாவது ஃபிரேம் நின்றால் அசல் 25, அப்போது `decimate=cycle=6` என்று கொடுக்க வேண்டும். தாளம் மாறாத ஃபைலில்தான் இது நன்றாக வேலை செய்யும். முன்பு எடிட் செய்தவர் இரட்டித்த பிறகு வெட்டி ஒட்டியிருந்தால் ஒவ்வொரு வெட்டிலும் தாளம் மாறியிருக்கும், ஓரிரு இடத்தில் தவறான ஃபிரேம் போகலாம். வெட்டுகளுக்குப் பக்கத்தில் பாருங்கள்.

தறிநூலுக்கு நான் பிறகு சொல்கிறேன் என்றதும் இதைத்தான். நீல விளக்குப் பகுதி `phone_30.mov`-இல் இரட்டித்துப் பதிந்திருக்கும். அதன் மேல் ஆப்டிகல் ஃப்ளோ போட்டுப் பயனில்லை. அசல் ஃபைலிலிருந்து அந்த ஐந்து நொடியை மட்டும் 24 ஆகத் தனியே எடுத்து, அதற்கு ஆப்டிகல் ஃப்ளோ கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் அதுவும் நடனம்தான். வேறு ஷாட் ஏதாவது வைத்து மறைக்க முடிந்தால் அதையே செய்யுங்கள்.

தறிநூல்

நேற்று இரவு முழுக்க உட்கார்ந்தேன். கேமரா திரும்பும் ஷாட் வெண்ணெய் மாதிரி போகிறது. தூணைப் பிடித்துக்கொண்டு 40 ஃபிரேம் நகர்த்திப் பார்த்தேன், எல்லா அடியும் சமம். மனது நிறைந்துவிட்டது.

நீல விளக்குப் பகுதியைத் தனியே எடுத்தேன்:

```
ffmpeg -ss 41.2 -t 5.1 -i phone.mp4 -vf fps=24 -an -c:v prores_ks -profile:v 2 blue_24.mov
```

ஆப்டிகல் ஃப்ளோ போட்டதில் முதல் மூன்று நொடி நன்றாக இருக்கிறது, ஏனென்றால் நடனமாடுபவர் அசையாமல் நிற்கிறார், கேமரா மட்டும் மெல்ல நகர்கிறது. கடைசி இரண்டு நொடியில் அவர் சுழலும்போது பாவாடையின் விளிம்பு கிழிந்து கிழிந்து ஒட்டுகிறது. அங்கே மிருதங்கம் வாசிப்பவரின் முகத்தைக் காட்டி மறைத்துவிட்டேன். ஒத்திகையில் எடுத்த ஷாட்தான், சத்தம் இல்லாதது, தாளம் தெரியாத அளவுக்கு நெருக்கமான முகம்.

இரண்டு சிக்கல் மீதி. பேட்டியில் ஒருவர் கோடு போட்ட சட்டை போட்டிருக்கிறார். பேசும்போது கையை மார்புக்கு முன்னால் வீசுகிறார். கை கடக்கும்போது கோடுகள் நெளிகின்றன. இரண்டாவது, ஆக்‌ஷன் கேமராவில் அடி எல்லாம் சமமாக இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன். ஆனாலும் பக்கவாட்டில் மரங்கள் கடக்கும்போது வெட்டி வெட்டித் தெரிகிறது.

வேகன்

சட்டைக்கு நான் சொல்றேன், இது எனக்குப் பழக்கம். கை வீசுற அந்த ஒரு நொடியை ரேஸர் வச்சுத் தனியா வெட்டுங்க. அந்தத் துண்டுக்கு மட்டும் `Nearest`. ஒரு நொடிக்கு 5 ஃபிரேம் இரட்டிக்கும், கை வேகமா போறதால யாரும் கவனிக்க மாட்டாங்க. நெளியுற கோடு நிச்சயம் கண்ணுக்குத் தெரியும். வெட்டை கை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால, தலை அசையாம இருக்கிற ஃபிரேம்ல வைங்க, இல்லன்னா சேருற இடத்துல ஒரு சின்னத் துள்ளல் தெரியும்.

பழைய மேசை

நானும் இதையேதான் செய்வேன். வெட்டை வைக்கும் இடத்தைப் பற்றிச் சொன்னது அனுபவத்தில் வருவது.

மரங்கள் விஷயம் ஷட்டர். வெயிலில் ஆக்‌ஷன் கேமரா தானாக ஆயிரத்தில் ஒரு நொடி, அதற்கும் வேகமாகப் போய்விடும். ஒவ்வொரு ஃபிரேமிலும் மரம் கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாக இருக்கும், அசைவின் மங்கலே இருக்காது. நிறுத்தி ஒரு ஃபிரேமைப் பாருங்கள், இலை நரம்பு வரை தெரிந்தால் அதுதான் காரணம். 60-இல் ஓடும்போது ஃபிரேம்கள் நெருக்கமாக இருப்பதால் தெரியவில்லை. ஒன்றுவிட்டு ஒன்று எடுத்ததும் இடைவெளி இரட்டிப்பாகிவிட்டது. ஃபிரேம் ரேட் மாற்றத்தால் இதைத் தீர்க்க முடியாது. பாதி வேகத்தில் ஓட்டினால் அடி பாதியாகும், உறுத்தல் குறையும். ரிசால்வின் கட்டண வடிவத்தில் செயற்கையாக மங்கல் சேர்க்கும் வசதி உண்டு, அளவாகப் போட்டால் உதவும். அடுத்த முறை லென்ஸுக்கு முன்னால் என்டி ஃபில்டர் போட்டு எடுங்கள்.

இரவு ரெண்டர்

இதே காட்சி 60 டைம்லைன்ல இருந்தா மரம் வெட்டி வெட்டித் தெரியாது. அதையும் கணக்குல சேர்த்துக்கங்க.

பழைய மேசை

உண்மை. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் வழி என் வழியை விட நல்லது, மறுக்கவில்லை. தறிநூல் விரும்பினால் இரண்டையும் ஒரு நிமிடம் எக்ஸ்போர்ட் செய்து, பேட்டியிலிருந்து நடைக்காட்சிக்குத் தாவும் வெட்டைப் பார்க்கட்டும்.

மழைத்துளி

இப்போதுதான் எனக்குப் புரிகிறது. ப்ராக்ஸி போட்டும் தீராத என் பழைய வேலை ஒன்று இருக்கிறது. ஃபோனில் எடுத்த ஸ்கிரீன் ரெக்கார்டிங், அரை மணி நேரம் ஓடும். முதலில் பேச்சு பொருந்தும், முடிவில் ஏறக்குறைய இரண்டு நொடி விலகிவிடும். அதுவும் இந்த மாறும் ஃபிரேம் ரேட்தானா?

பழைய மேசை

கிட்டத்தட்ட இரண்டு நொடி என்பதால் வேறு ஒன்றையும் முதலில் பாருங்கள். 29.97 கிளிப்பை யாராவது `Clip Attributes`-இல் 30 என்று மாற்றி, பேச்சைத் தனி ரெக்கார்டரிலிருந்து போட்டிருந்தால் 30 நிமிடத்தில் சரியாக 1.8 நொடி விலகும். படம் முந்திப் போகும். நான் நேரத்தைத் தொடலாமா என்று முதலில் கேட்பது இதற்காகவும்தான். நீங்கள் எதையும் மாற்றவில்லை என்றால் ஃபிரேம் நேரங்களை எண்ணும் அந்த இரண்டாவது `ffprobe` கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ஸ்கிரீன் ரெக்கார்டிங்கில் இரண்டு வரி வராது, நூற்றுக்கணக்கில் வெவ்வேறு நேரங்கள் வரும். அப்படி வந்தால் `fps=30` போட்டு மாற்றி, புதிய ஃபைலை உள்ளே கொண்டுவாருங்கள்.

மழைத்துளி

பேச்சு தனி ரெக்கார்டர்தான். யார் என்ன மாற்றினார்கள் என்று நினைவில்லை. இன்றைக்கே ஓட்டிப் பார்த்துப் போடுகிறேன்.

தறிநூல்

இரண்டு டைம்லைனிலும் அந்த ஒரு நிமிடத்தை எக்ஸ்போர்ட் செய்து குழுவில் மூன்று பேருக்குக் காட்டினேன். எது எது என்று சொல்லவில்லை. இரண்டு பேர் 30 என்றார்கள், நடன ஆசிரியர் 60 என்றார். நடந்து வரும் காட்சியில் தன் மாணவிகளின் பாதம் தரையில் படுவது அதில்தான் தெரிகிறது என்கிறார். பேட்டியை இரண்டிலும் யாரும் குறை சொல்லவில்லை. நடைக்காட்சிகளைப் பாதி வேகத்தில் போட்டு 30-இல் இன்னொரு தடவை அவருக்குக் காட்டப்போகிறேன்.